அசதியா, தூக்கமா?



நம் உடல்நலப் பகுதிக்கு வரும் கடிதங்களில் 'எப்போதும் ஒரே அசதியாக இருக்கிறது' என்ற வரி இல்லாத மாதம் கிடையாது. அடுத்த வரி பெரும்பாலும், 'இன்னும் கொஞ்சம் நேரம் தூங்கினால் சரியாகிவிடுமா?' என்பதாக இருக்கும். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு கேள்வியை விட்டுவிடுகிறோம். அந்த அசதியான நேரத்தில், யாரும் எழுப்பாத ஓர் இருட்டறையில் படுக்கவிட்டால், உங்களுக்குத் தூக்கம் வருமா, வராதா?

வரும் என்றால் அது ஒரு கதை. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தும் கண் மூட மறுக்கிறது என்றால் அது முற்றிலும் வேறு கதை. பசியையும் பலவீனத்தையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. பசிக்குச் சாப்பிட்டால் தீரும். காய்ச்சலில் கிடப்பவரின் பலவீனம் ஒரு வேளைச் சோற்றில் தீராது. தூக்கத்துக்கும் களைப்புக்கும் உள்ள உறவும் ஏறத்தாழ இதுதான். ஆனால், இந்த விஷயத்தில் மட்டும் 'போய்ப் படு' என்ற ஒரே மருந்தை இரண்டுக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

வந்த கடிதங்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மனைவிக்கு 46 வயது, பள்ளி ஆசிரியை. டீச்சர் என்றே அழைப்போம். கணவருக்கு 52, அலுவலக வேலை. டீச்சர் காலை ஆறு மணிக்கு எழுந்து சமைத்து, பள்ளிக்குப் போய், மாலையில் விடைத்தாள் கட்டோடு வீடு திரும்புகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு, 'பகலெல்லாம் ஓடுறே, சீக்கிரம் போய்ப் படும்மா' என்கிறார் மாமியார். டீச்சர் படுக்கிறார். பத்து மணி வரை புரள்கிறார். தூங்கி, நடுநிசி தாண்டி ஒன்றரைக்கு விழிப்பு. அதன்பின் மறுபடி கண்ணயர நாலு மணி ஆகிறது. ஆறு மணிக்கு அலாரம்.

கணவர் பதினோரு மணிக்குப் படுக்கிறார். தலை தலையணையில் பட்டதும் குறட்டை. 'கொடுத்து வச்ச மனுஷன், படுத்ததும் தூங்கிடுறார்' என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளைப் பிரித்தால் இரண்டாம் பக்கத்தில் தலை சாய்கிறது. பேருந்தில் உட்கார்ந்தால் நிறுத்தம் தவறுகிறது. 'அசதியா இருக்கா?' என்று கேட்டால், 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்பார்.

இந்த வீட்டில் எல்லோரும் டீச்சரைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள். அவசரமாக மருத்துவரிடம் போக வேண்டியவர் அவர் கணவர் என்று நான் சொன்னால் மாமியார் நம்பமாட்டார்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சிறிய வினாத்தாள் உதவும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் வெளியிட்டது. எப்வொர்த் அளவுகோல் என்று இன்றும் உலகெங்கும் தூக்க மருத்துவர்கள் கையில் இருப்பது. அது 'நீங்கள் எவ்வளவு சோர்வாக இருக்கிறீர்கள்?' என்று கேட்பதே இல்லை. எட்டு சூழல்களைச் சொல்லி, அங்கே கண்ணயர்ந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் கேட்கிறது: உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, கூட்டம், திரையரங்கு போன்ற பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, காரில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பயணியாகப் போகும்போது, பிற்பகலில் படுத்து ஓய்வெடுக்கும்போது, ஒருவருடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, மது இல்லாத மதிய உணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, போக்குவரத்தில் வண்டி சில நிமிடங்கள் நிற்கும்போது. வாய்ப்பே இல்லை என்றால் சுழி, மிக அதிகம் என்றால் 3. மொத்தம் 24. பத்து வரை இயல்பு. அதைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்று பொருள்.

டீச்சர் போட்டுப் பார்க்கிறார். தொலைக்காட்சிக்கு 1, பயணத்துக்கு 1, பிற்பகல் படுக்கைக்கு 1, சாப்பாட்டுக்குப் பின் 1. மீதியெல்லாம் சுழி. மொத்தம் 4. இவ்வளவு அசதி உள்ளவருக்கு வெறும் நான்கா என்று தோன்றும். கணவருக்குப் படிப்பது 2, தொலைக்காட்சி 3, கூட்டம் 2, பயணம் 3, பிற்பகல் 3, பேச்சு 0, சாப்பாட்டுக்குப் பின் 2, சிக்னலில் நிற்கும்போது 1. மொத்தம் 16. அந்தக் கடைசி ஒன்று என்னைப் பயமுறுத்துகிறது. அவர் ஓட்டுவது இரு சக்கர வாகனம்.

'மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது, கூட்டத்தில் பேசுபவர் அறுத்தால் யார்தான் விழித்திருப்பார்?' என்று அவர் வாதாடலாம். சாப்பாடும் சலிப்பும் வெக்கையும் தூக்கத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே காட்டிவிடுகின்றன. நன்றாகத் தூங்கி எழுந்தவர் சலிப்பான கூட்டத்தில் நெளிவார், கைப்பேசியை நோண்டுவார், எழுந்து வெளியே போவார். தூங்கி விழமாட்டார். நடமாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்வரை தூக்கக் கடன் மறைந்திருக்கும். உட்கார்ந்த மாத்திரத்தில் அது வசூலுக்கு வந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் லேசாக மந்தமாவது எல்லோருக்கும் உண்டு, அது உடல் கடிகாரத்தின் ஏற்ற இறக்கம். அதைக் கணக்கில் கொண்டாலும் 16 அதிகம்தான்.

சரி, தன் தூக்கக் குறைவு அவருக்கே ஏன் தெரியவில்லை? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கனும் டேவிட் டிங்கஸும் சகாக்களோடு நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆரோக்கியமானவர்களை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரண்டு வாரங்களுக்குச் சிலருக்கு எட்டு மணி நேரமும், சிலருக்கு ஆறும், சிலருக்கு நான்கும் மட்டுமே படுக்கை அனுமதித்தார்கள். திரையில் ஒரு குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும், அதுதான் சோதனை. ஆறு மணி நேரக் குழுவின் தவறுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு வார முடிவில், முழு இரவு கண் விழித்தவர்களின் தரத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால், 'எவ்வளவு தூக்கம் வருகிறது?' என்று அவர்களையே கேட்டபோது கிடைத்த பதில், சில நாட்களுக்குப் பின் அதிகம் ஏறவே இல்லை. உடம்பு கெட்டுக்கொண்டே போகிறது, மனம் 'பழகிவிட்டது' என்கிறது. நம் கணவர் மனதாரத்தான் 'நல்லாத்தானே இருக்கேன்' என்கிறார்.

அவர் படுக்கையில் இருப்பது ஏழு மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஆகவே கணக்கில் குறை இல்லை. நேரம் போதும், தூக்கம் போதவில்லை என்னும்போது தூக்கத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். குறட்டை நடுவே நின்று, ஒரு நிசப்தம், பிறகு திணறலோடு மறுபடி ஒரு பெரிய குறட்டை. இதை அவர் அறியார், மனைவிதான் அறிவார். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்து வழியைத் திறக்கிறது. அந்த விழிப்பு நினைவில் நிற்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி மூச்சு நின்றாலோ குறைந்தாலோ அது நோய். முப்பதைத் தாண்டினால் தீவிரம். தூக்க மூச்சுத்தடை என்பார்கள். கட்டுப்படாத ரத்த அழுத்தம், விடிந்ததும் தலைவலி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, தடித்த கழுத்து ஆகியவை இதோடு சேர்ந்து வரும். இரவில் எழுவதைச் சர்க்கரை என்றோ வயசு என்றோ தள்ளிவிடுகிறோம்.

ஓர் இரவு கருவிகள் பொருத்தித் தூங்கவைத்துப் பார்க்கும் சோதனை இதை உறுதிப்படுத்தும். இப்போது வீட்டிலேயே செய்துகொள்ளும் வகையும் இருக்கிறது. முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியை 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு அறிமுகப்படுத்தியது. இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுதான். முகமூடியைப் பார்த்ததுமே பலர் 'இதை மாட்டிக்கிட்டு எப்படித் தூங்குறது' என்று அஞ்சுகிறார்கள். பழகச் சில வாரங்கள் ஆகலாம். எடைக் குறைப்பும் உதவும். சிகிச்சை பலன் தரும்வரை தொலைதூரம் வண்டி ஓட்டாமலிருப்பது நல்லது. ஓட்டும்போது கண் சொருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் நிலையாக உதவுவதில்லை. ஓரமாக நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுவது உதவும். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடலாம். அதுகூட ஊர் போய்ச் சேருவதற்கான ஏற்பாடு, சிகிச்சை இல்லை.

இனி டீச்சர். இவருடைய நிலைமை எனக்கு இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் இவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைதான் இவரைக் கெடுக்கிறது.

தூக்கம் இரண்டு ஏற்பாடுகளால் நடக்கிறது என்று சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெய் 1982-இல் விளக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்க அழுத்தம் கூடுகிறது. அடினோசின் என்ற பொருள் சேர்வது அதில் ஒரு பங்கு. அதன் வேலையைத் தடுப்பதால்தான் காபி நம்மை எழுப்புகிறது. இன்னொன்று உடல் கடிகாரம். பகல் முழுக்க ஏறும் தூக்க அழுத்தத்தைச் சமாளிக்க அது நம்மை விழிப்பின் பக்கம் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் மாலையின் பின்பகுதியில்தான் உச்சம். இஸ்ரேலின் பெரெட்ஸ் லாவி 1980-களில் மனிதர்களை நாள் முழுக்கச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை படுக்கவைத்துப் பார்த்ததில், வழக்கமான உறக்க நேரத்துக்குச் சற்று முன்னால், இரவு எட்டு முதல் பத்து வரை, தூங்குவதே மிகக் கடினமாக இருந்தது. டீச்சர் ஒன்பது மணிக்குப் படுப்பது அந்த மூடிய கதவின் நேரத்தில்.

அவருக்கு அப்போது இருப்பது களைப்பு. தூக்கம் இல்லை. வேறுபாட்டை உடம்பே சொல்லும். தூக்கம் வந்தவருக்கு இமை கனக்கும், கொட்டாவி வரும், தலை தொங்கும், படித்த வரியையே திரும்பப் படிப்பார். களைத்தவருக்குக் கை கால் ஓயும், உட்கார்ந்துவிட்டால் எழ மனம் வராது, எதிலும் நாட்டம் இருக்காது. ஆனால் படுத்ததும் நாளைய பாடம், மகளின் கட்டணம், கழுவாத பாத்திரம் என்று மூளை சுறுசுறுப்பாகிவிடும். தூக்கமின்மை உள்ளவர்களில் பெரும்பாலோர் பகலில் படுத்தாலும் தூங்க முடிவதில்லை. டீச்சரின் 4 மதிப்பெண் சொல்வது இதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். படுக்கையில் ஒன்பது மணி நேரம், தூங்கியது ஐந்தரை. நூற்றுக்கு 61. மீதி மூன்றரை மணி நேரம் மெத்தையில் விழித்துக் கிடந்ததில், 'படுக்கை என்றால் விழித்துக் கவலைப்படும் இடம்' என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது. அசதி கூடக்கூட இன்னும் சீக்கிரம் படுக்கிறார், ஞாயிற்றுக்கிழமை இன்னும் நேரம் கழித்து எழுகிறார். தூக்கம் மேலும் சிதறுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த விதிகள் எளியவை. தூக்கம் வந்தால் மட்டும் படு, களைப்பு என்பதற்காகப் படுக்காதே. இருபது நிமிடம்போல வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ. கண் சொக்கினால் மட்டும் திரும்பி வா. எப்போது தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் இன்னொன்றைச் சேர்த்தார்: படுக்கை நேரத்தையே சுருக்கு. டீச்சர் இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதி, சராசரி ஐந்தரை என்று வந்தால், அவருக்குக் கொடுக்கப்படும் படுக்கை நேரம் ஏறத்தாழ ஆறு மணி நேரம்: நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு. ஒன்பது மணிக்கே துவண்டு கிடப்பவரைப் பன்னிரண்டு வரை விழித்திரு என்று சொல்வது கொடுமையாகத் தெரியும். மாமியார் என்னைத் திட்டுவார். முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் நிஜமாகவே தூக்கம் வரும், அது வேண்டுமென்றே வரவழைப்பதுதான். பிறகு அந்த ஆறு மணி நேரம் சிதறாமல் ஒன்று சேரும். வாரச் சராசரியில் படுக்கை நேரத்தின் 85 சதவீதம் தூக்கமாக இருந்தால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னுக்கு இழுக்கலாம். பகலில் விழிப்பாக இருக்கத் தேவையான அளவு எங்கே எட்டுகிறதோ அங்கே நிறுத்தலாம். அவருக்கு வேண்டியது ஆறரை மணி நேரமா ஏழரையா என்பதும் அப்படித்தான் தெரியவரும்.

இதை எல்லோரும் தாமே செய்யக்கூடாது. வலிப்பு நோய், மனநிலை மாறி மாறி எழும் இருதுருவ நோய் உள்ளவர்கள், மூச்சுத்தடை உள்ளவர்கள், கனரக வாகனம் ஓட்டுபவர்கள் மருத்துவர் துணையில்லாமல் தூக்கத்தைச் சுருக்குவது ஆபத்து.

ஆனால் டீச்சரின் கதை இதோடு முடியவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்குவதைத் தூக்கமின்மை விளக்காது. விசாரித்தால், ஒன்றிரண்டு வருடமாக மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம், முடி கொட்டுகிறது, அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறது. கடைசியாகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளங்களில் அது ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் இன்னும் சரியாக இருக்கும்போதே இருப்பு காலியாகியிருக்கலாம். அதைக் காட்டுவது பெரிட்டின். டீச்சருக்கு ஹீமோகுளோபின் 10.4, பெரிட்டின் 9 என்று வைத்துக்கொள்வோம். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். டீயோடும் பாலோடும் எடுத்தால் பாதி வீண். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ரத்தம் சரியானபின்னும் இருப்பை நிரப்ப இன்னும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். உதிரப்போக்கு ஏன் அதிகம் என்பதைப் பெண்கள் மருத்துவர் பார்க்காவிட்டால் இதெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான். இரவில் கால் குடைச்சல் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இரும்பு குறைந்தவர்களுக்கு அது தூக்கத்தைத் தடுக்கும்.

அசதிக்கு வேறு வாசல்களும் உண்டு: தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் மாத்திரை தருவது அசதி அல்ல, தூக்கம். அதை நிறுத்திப் பார்க்காமல் ஆராய்ச்சிக்கு இறங்க வேண்டாம். சிறிய உழைப்புக்குப் பிறகு, ஒரு நாள் கழித்து ஆளையே சாய்க்கும் அளவுக்குச் சோர்வு வந்து பல மாதங்கள் நீடித்தால், உடற்பயிற்சியைக் கூட்டுங்கள் என்ற அறிவுரையைக் கேட்பதற்கு முன் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

தூக்கத்தையும் களைப்பையும் கத்தி வைத்துப் பிரித்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் செர்வின் மூச்சுத்தடை உள்ளவர்களிடமே கேட்டு 2000-இல் எழுதிய ஆய்வில், 'தூக்கம் வருகிறது' என்பதைவிட 'தெம்பில்லை' என்றுதான் அதிகம் பேர் சொன்னார்கள். பெண்களிடம் இந்தப் போக்கு இன்னும் கூடுதல். ஆகவே குறட்டை விடும் பெண்ணுக்கு எப்வொர்த் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் மூச்சுத்தடை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. டீச்சருக்கும் மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குவதால் இந்தச் சந்தேகத்தை மருத்துவர் ஒரு முறை தீர்த்துக்கொள்வது நல்லது.

இந்த மாதம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன எட்டு சூழல்களை இரண்டு தாள்களில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்களுக்கு நீங்கள் மதிப்பெண் போடுங்கள். மற்றதை, உங்களுக்காக, வீட்டில் உங்களோடு இருப்பவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் வாதாட வேண்டாம், மருத்துவரிடம் இரண்டு தாளையும் கொண்டுபோங்கள். அங்கே 'அசதியா இருக்கு டாக்டர்' என்று மட்டும் சொல்லாமல், 'படுத்தா தூக்கம் வருது' அல்லது 'படுத்தாலும் வரலை' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்கள் எவ்வளவு வித்தியாசப்பட்டன என்று எனக்கும் எழுதுங்கள். பெயர் போடாமல் அடுத்த இதழ்களில் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்